வெட்டப்பட்ட இரண்டு வரிகள்

விஞ்ஞானக் கண்காட்சிக்குக் காசு செலவில்லாமல் ஒரு செயற்றிட்டம் வேண்டும் என்றால், தரம் 10 வகுப்பில் யாராவது ஒருவர் நாக்கு உருட்டலை எடுத்துவிடுவார். கருவியும் வேண்டாம், இரசாயனப் பொருளும் வேண்டாம். நாக்கை வெளியே நீட்டி, இரண்டு ஓரங்களையும் மேலே மடித்துக் குழாய்போல் ஆக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடிந்தால் ஒரு கோடு, முடியாவிட்டால் இன்னொரு கோடு. பெற்றோரைப் பற்றி இரண்டு கேள்விகள், வண்ணத்தாளில் ஒரு வட்ட வரைபு, கீழே முடிவு: 'நாக்கை உருட்டும் ஆற்றல் ஓர் ஆட்சியான இயல்பு, அது ஒரே பரம்பரை அலகினால் கடத்தப்படுகிறது.' பல நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த முடிவு இது. நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஆனால் இந்த முடிவு பிழை. மாணவர் கவனக்குறைவால் மட்டும் வந்த பிழையும் இல்லை. மிகுந்த கவனத்தோடு செய்தாலும் இந்த அளவெடுப்பு அந்த முடிவைத் தராது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முடிவு பிழை என்பதற்கான சான்று பெரும்பாலும் அந்த மாணவரின் கையிலேயே இருந்திருக்கும். 'ஏதோ தவறு' என்று எண்ணி அவரே அதை வெட்டியிருப்பார்.

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு வகுப்பை நாமே அமைத்துக்கொள்வோம். எந்த ஒரு பாடசாலையின் உண்மைப் பதிவும் இது இல்லை. பசறை வீதியிலோ தெமோதரைப் பக்கத்திலோ ஹாலி-எலயிலோ எங்கும் இருக்கக்கூடிய வகுப்பு. மாணவர் 36 பேர், பெரும்பாலும் சுற்றியுள்ள மூன்று தோட்டங்களின் பிள்ளைகள். 25 பேருக்கு நாக்கு உருள்கிறது, 11 பேருக்கு இல்லை. பெற்றோர் விவரத்தோடு பிரித்தால் இப்படி வருகிறது: தாய் தந்தை இருவருக்கும் உருளும் வீடுகளிலிருந்து 17 பிள்ளைகள், அவர்களில் 14 பேருக்கு உருள்கிறது. ஒருவருக்கு மட்டும் உருளும் வீடுகளிலிருந்து 14 பேர், அவர்களில் 9 பேருக்கு உருள்கிறது. இருவருக்குமே உருளாத வீடுகளிலிருந்து 5 பேர், அவர்களில் 2 பேருக்கு உருள்கிறது. கடைசி இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை அவர்களிடம் திரும்பி வரும்.

அறிக்கையின் முதல் வாதம் எப்போதும் விகிதம். மெண்டலின் பட்டாணிச் செடியில் மூன்றுக்கு ஒன்று வந்தது; 36 பேரில் அது 27க்கு 9 ஆக வேண்டும்; நமக்கு 25க்கு 11 வந்திருக்கிறது; கிட்டத்தட்ட ஒன்றுதான்; ஆகவே மெண்டல் விதி பொருந்துகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மெண்டலுக்கு அந்த விகிதம் வந்தது எந்தச் செடிகளில்? நெட்டையையும் குட்டையையும் கலந்து, இரண்டு வகை எதிருருக்களையும் சுமக்கும் செடிகளை உண்டாக்கி, அவற்றின் சந்ததியை எண்ணியபோது. பெற்றோர் ஒவ்வொருவரும் இரண்டு வகையையும் சுமந்தால்தான் பிள்ளைகளில் மூன்றுக்கு ஒன்று. ஒரு வகுப்பு ஒரே பெற்றோரின் சந்ததி அல்ல. 36 வீடுகளில் எந்த வீட்டில் யார் எதைச் சுமக்கிறார் என்பது தெரியாது. அங்கே மூன்றுக்கு ஒன்று வரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வந்தாலும் அது மெண்டலுக்குச் சாட்சி ஆகாது.

இந்தத் தடுமாற்றம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 1908இல் இலண்டனில் படித்த மனிதர்களிடையே இதே கேள்வி எழுந்தது. விரல்கள் குட்டையாகப் பிறக்கும் ஓர் இயல்பு ஆட்சியானது என்றால், காலப்போக்கில் மக்களில் நாலில் மூன்று பேருக்குக் குட்டை விரல் இருக்கவேண்டாமா? புள்ளியியல் அறிஞர் யூல் எழுப்பியதாக இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பிறப்புரிமையியல் அறிஞர் புனெட் கேம்பிரிட்ஜில் தம்மோடு கிரிக்கெட் ஆடிய ஒரு கணித நண்பரிடம் போனார். அந்த நண்பர் ஹார்டி. ஆறு வருடம் கழித்து நம்முடைய இராமானுஜனைக் கேம்பிரிட்ஜில் வரவேற்ற அதே ஹார்டி. பெருக்கல் வாய்பாடு தெரிந்தவருக்கே புரியும் கணக்கு என்ற தொனியில் அவர் ஒரு சிறு கடிதம் எழுதி 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். ஆட்சியாக இருப்பதால் மட்டும் ஓர் இயல்பு மக்களிடையே பெருகாது, பின்னிடைவாக இருப்பதால் மட்டும் அருகாது. வேறு எதுவும் குறுக்கிடாவிட்டால் இருந்த அளவிலேயே நிற்கும் என்பது அதன் சாரம். ஜெர்மன் மருத்துவர் வைன்பேர்க்கும் அதே வருடம் அதையே தனியாகக் கண்டார்.

ஆகவே 'அதிகம் பேருக்கு இருக்கிறது, அதனால் ஆட்சியானது' என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆட்சி என்பது ஒரு மனிதருக்குள் நடக்கும் விடயம்: தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் வந்தால் எது வெளியே தெரிகிறது என்பது. எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது ஊருக்குள் நடக்கும் விடயம். இரண்டும் வேறு. இரத்த வகையைப் பாருங்கள். இலங்கையில் ஓ வகை இரத்தம்தான் மிக அதிகம். ஆனால் ஓ பின்னிடைவானது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஓ வந்தால்தான் பிள்ளைக்கு ஓ. வகுப்பில் கைதூக்கச் சொல்லி எண்ணியிருந்தால், அறிக்கை ஓ வகையை ஆட்சியானது என்று எழுதியிருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சோதிக்கலாம். 36 பேரை வைத்து மூன்றுக்கு ஒன்று என்பதைக் கைவர்க்கச் சோதனையால் பரிசோதித்தால், உருளும் பிள்ளைகளின் எண்ணிக்கை 22 முதல் 32 வரை எதுவாக இருந்தாலும் 'பொருந்துகிறது' என்றே விடை வரும். அதாவது வகுப்பில் 61 வீதம் பேருக்கு உருண்டாலும் மெண்டல் சரி, 89 வீதம் பேருக்கு உருண்டாலும் மெண்டல் சரி. இதுவரை வெளிவந்த பல கணக்குகளில் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை நாக்கு உருள்கிறது. ஆகவே எந்த வகுப்பில் செய்தாலும் இந்தச் சோதனை பெரும்பாலும் தேறும். தோற்க வழியில்லாத சோதனையில் தேறுவதால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

சரி, விகிதத்தை விட்டுவிடுவோம். பெற்றோர் அட்டவணைக்குப் போவோம். அங்கேதான் உண்மையான பலம் இருக்கிறது, ஏனென்றால் அது எத்தனை பேர் என்று கேட்கவில்லை, யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்கிறது. ஆனால் அந்த அட்டவணை எப்படி நிரப்பப்பட்டது என்று பார்க்கவேண்டும். தோட்டத்தில் தாய் காலையில் பெரட்டுக்குப் போய்விடுகிறார். கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். தந்தை கொழும்பில் ஏதோ ஒரு கடையில் இருக்கலாம். சில வீடுகளில் தாயே வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருப்பார். பிள்ளை அப்பாயியிடம் வளர்கிறது. 'அம்மா, நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்க' என்று கேட்டு, நேரில் பார்த்து எழுதப்பட்ட கட்டங்கள் எத்தனை? தொலைபேசியில் கேட்டவை எத்தனை? 'எனக்கு வருது, அப்பாவுக்கும் வரும்தானே' என்று பிள்ளையே ஊகித்தவை எத்தனை? கடைசி வகைதான் மிகவும் ஆபத்தானது. நிறுவ வேண்டிய முடிவே அங்கே தரவாக உள்ளே நுழைந்துவிடுகிறது. பிள்ளை தன்னைப் பார்த்துத் தந்தையின் கட்டத்தை நிரப்பினால், தந்தையும் பிள்ளையும் ஒத்திருப்பது கண்டுபிடிப்பு ஆகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் 'பார்த்தது', 'கேட்டது', 'ஊகம்' என்று ஓர் எழுத்துப் போட்டிருந்தால் இதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பெரும்பாலான படிவங்களில் அதற்கு இடமே இருக்காது.

நேரில் பார்த்தாலும் எதைப் பார்ப்பது என்ற சிக்கல் இருக்கிறது. நாக்கு உருளும் என்பதும் உருளாது என்பதும் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் அல்ல. நன்றாகக் குழாயாகச் சுருட்டுபவர் இருக்கிறார். ஓரங்களை அரைவாசி தூக்கி நடுவில் ஒரு பள்ளம் மட்டும் வரச்செய்பவர் இருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் மடிபவரும் உண்டு. உதட்டைக் குவித்து அதன் வழியாக நாக்கை நீட்டினால் உதடே அதைப் பிதுக்கிச் சுருட்டிவிடும். பற்களால் ஓரத்தைத் தாங்கிக்கொண்டாலும் அப்படித்தான். வாயை அகலத் திறந்து, நாக்கு உதட்டிலோ பல்லிலோ படாமல் நீட்டச் சொன்னால் சிலர் 'முடியும்' பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். நம்முடைய வகுப்பில் அரைகுறையாக மடித்த மூன்று பேர் 'முடியும்' என்ற பக்கத்தில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை மற்றப் பக்கம் நகர்த்தினால் 25 என்பது 22 ஆகிவிடும். அந்த மூன்று பேரை எங்கே வைப்பது என்பதை வகுப்புத் தலைவர் ஒரு நொடியில் தீர்மானித்திருப்பார், அறிக்கையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது நாக்கை நீட்டக் கூச்சப்படும் பிள்ளை 'எனக்கு வராது மிஸ்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அந்தப் பிள்ளையின் கூச்சம் பின்னிடைவான இயல்பாகப் பதிவாகிறது.

தோட்டப் பிள்ளைகளை எண்ணும்போது கவனிக்கவேண்டிய இன்னொரு விடயம் உறவு. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் மணம் செய்யும் வழக்கம் மலையகத்தில் பழையது. மேல்கணக்கிலும் கீழ்கணக்கிலும் இருப்பவர்கள் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகவே இருப்பார்கள். 36 பேரில் ஏழு பேர் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளாக இருந்தால், அவர்கள் ஏழு தனிச் சாட்சிகள் அல்ல. அந்தப் பாட்டியின் வீட்டில் இருந்தது எதுவானாலும் அது ஏழு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. 'இப்படிப்பட்ட நெருக்கமான சமூகம் பரம்பரை ஆய்வுக்கு நல்லதுதானே' என்று ஒருவர் கேட்கலாம். நல்லதுதான், வம்ச வரைபு வரைந்து யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்தால். குறிக்காமல், அவர்களை முன்பின் தெரியாத 36 பேராகக் கருதினால் அதே நெருக்கம் கணக்கைக் கெடுக்கும்.

இனி அந்த இரண்டு பேருக்கு வருவோம். தாய்க்கும் தந்தைக்கும் உருளவில்லை, பிள்ளைக்கு உருள்கிறது. உருளுதல் ஆட்சியான ஒற்றை அலகு என்றால் இது நடக்கவே கூடாது. இருவரிடமும் இல்லாத எதிருரு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? மாணவர் இதைக் கண்டு திடுக்கிடுகிறார். பாடநூல் பிழையாக இருக்காது, ஆகவே தரவுதான் பிழை என்று முடிவு செய்து இரண்டு வரிகளையும் வெட்டிவிடுகிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வட்ட வரைபின் கீழே 36 மாணவர் என்று இருக்கும், பெற்றோர் அட்டவணையைக் கூட்டினால் 34 வரும். கண்காட்சி மேசைக்கு முன்னால் நிற்கும் நடுவர் ஒரு தடவை கூட்டிப் பார்த்தால் போதும்.

அந்த இரண்டு வரிகளும் 1940இலேயே அச்சில் இருந்தன. நாக்கு உருட்டலை முதன்முதலாகப் பரம்பரை இயல்பாக அறிவித்தவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட். பழ ஈக்களை வைத்து 1913இல் உலகின் முதல் பரம்பரை அலகு வரைபடத்தை வரைந்தவர் அவர். சாதாரண ஆள் இல்லை. அவருடைய 1940ஆம் ஆண்டுக் கட்டுரையின் குடும்ப அட்டவணையில், பெற்றோர் இருவருக்கும் உருளாத வீடுகளில் 13 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 4 பேருக்கு நாக்கு உருண்டது. அவர் அந்த வரியை மறைக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து ஜப்பானில் கோமாய் என்பவர் மிகப் பெரிய எண்ணிக்கையில் இதையே செய்தபோது, அதே வகை வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு உருண்டது. விதி சொல்வது பூச்சியம். 1952இல் மட்லொக் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பரம்பரை அலகுகள் ஒன்றே. ஓர் அலகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் ஒருவருக்கு உருண்டால் மற்றவருக்கும் உருள வேண்டும். அவர் பார்த்த 33 சோடிகளில் 7 சோடிகளில் ஒருவருக்கு உருண்டது, மற்றவருக்கு உருளவில்லை. ஸ்டர்டவன்ட் இந்த முடிவைப் படித்து ஏற்றுக்கொண்டார். 1965இல் எழுதிய பிறப்புரிமையியல் வரலாற்றில், இந்த இயல்பு இன்னமும் சில நூல்களில் நிறுவப்பட்ட மெண்டல் எடுத்துக்காட்டாக இடம்பெறுவது தமக்குச் சங்கடமாக இருப்பதாகக் குறிப்பிட்டார். தம் பெயரோடு ஒட்டியிருந்த கண்டுபிடிப்பைத் தாமே கைவிட்ட அந்த நேர்மையைப் பாடநூல்கள் எடுத்துக்கொள்ளவில்லை, கண்டுபிடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்: பெற்றோர் இருவருக்கும் உருண்டால் 17இல் 14, ஒருவருக்கு மட்டும் உருண்டால் 14இல் 9, இருவருக்கும் உருளாவிட்டால் 5இல் 2. எண்கள் படிப்படியாக இறங்குகின்றனவே. ஸ்டர்டவன்டின் அட்டவணையிலும் இப்படித்தான் இறங்குகிறது. பரம்பரை இல்லாமல் இது எப்படி? இறக்கம் உண்மை. ஆனால் அது காட்டுவது ஒற்றுமையை. ஒற்றுமை எந்த வழியாக வந்தது என்பதை அது காட்டாது. பெற்றோரும் பிள்ளையும் பேசும் மொழியிலும் கும்பிடும் சாமியிலும் உண்ணும் ரொட்டியின் பதத்திலும்கூட ஒத்திருக்கிறார்கள். நாக்கு உருட்டுவது அப்பா செய்து காட்ட, பிள்ளை பார்த்துச் செய்யும் விளையாட்டு. வராத வீட்டில் அந்த விளையாட்டே இருக்காது. வழியைப் பிரித்தறிய வேண்டுமென்றால் ஒரே கருவின் இரட்டையரையும் இரு கருவின் இரட்டையரையும் ஒப்பிடவேண்டும். இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள், அலகுகளில் மட்டும்தான் வேறுபாடு. 1975இல் மார்டின் அப்படி ஒப்பிட்டு, பரம்பரை அடிப்படைக்குச் சான்றில்லை என்று முடித்தார். ஏதோ சில அலகுகளின் சிறு பங்கு இருக்கக்கூடாது என்பதில்லை. ஒற்றை அலகு, ஆட்சி, பின்னிடைவு என்ற கதை மட்டும் நிச்சயமாக நிற்காது.

இன்னும் நுட்பமாகப் படித்தவர் ஒருவர், 'எதிருரு இருந்தும் இயல்பு வெளிப்படாமல் போவதுண்டே. அந்த இரண்டு பெற்றோரில் ஒருவரிடம் அது மறைந்திருக்கலாமே' என்று கேட்பார். பரம்பரை நோய்கள் சிலவற்றில் அது உண்மை. ஆனால் அங்கே அலகையே நேராகச் சோதித்துப் பார்த்து, இருந்தும் வெளிப்படவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். நாக்கு விடயத்தில் அப்படி யாரும் காட்டிய அலகு இல்லை. விதிக்குப் பொருந்தும் வரியை விதிக்குச் சாட்சி என்றும், பொருந்தாத வரியை மறைந்திருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டால், எந்த வகுப்பில் எந்த எண்ணிக்கை வந்தாலும் விதி பிழைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட விதிக்கு வகுப்பைக் கணக்கெடுப்பதே வீண்.

அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தால் இது வெறும் கணக்குப் பிரச்சினையும் இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'உன் அம்மாவுக்கும் வராது, அப்பாவுக்கும் வராது, உனக்கு எப்படி வந்தது?' என்ற கேள்வி விழுகிறது. பாடநூல் விதியை நம்பும் வகுப்பில் அதற்கு ஒரே ஒரு விடைதான் மிஞ்சும், அந்த விடை ஒரு தாயைப் பற்றியது. லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். நிரூபணமே இல்லாத ஒரு விதியின் பெயரால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் பிறப்பைப் பற்றிச் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது. இந்த இயல்பைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஆசிரியர் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்: உருளாத பெற்றோருக்கு உருளும் பிள்ளை பிறப்பது சாதாரணம், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பதிவாகியிருக்கிறது.

'இது பள்ளிக்கூடச் செயற்றிட்டம். மெண்டலை அறிமுகப்படுத்த ஓர் எளிய எடுத்துக்காட்டு வேண்டாமா, பரீட்சையிலும் அதைத்தானே கேட்பார்கள்' என்பது ஆசிரியர்களின் மறுப்பு. அவர்கள் சிரமம் விளங்குகிறது. ஆனால் மெண்டல் விதி உண்மையாகவே வேலை செய்யும் எடுத்துக்காட்டு ஊவாவில் தூரத்தில் இல்லை. தலசீமியா பதுளைப் பக்கத்துக்குப் புதிய பெயர் அல்ல. பீட்டா தலசீமியாவின் கடுமையான வடிவம் பின்னிடைவானது. தாயும் தந்தையும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் பிள்ளைக்கு அந்தக் கடுமையான நோய் வராது. யார் காவி என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். கூச்சமோ பயிற்சியோ உதட்டைக் குவிப்பதோ அதை மாற்றாது. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் சமூகத்தில் அந்த நான்கில் ஒன்று எவ்வளவு கனமான எண் என்பதை விளக்கவேண்டியதில்லை. நாக்கு உருட்டலையும் தலசீமியாவையும் ஒரே பக்கத்தில் ஒரே வகை எடுத்துக்காட்டாகப் படிக்கும் மாணவர், ஒன்று பொய்த்ததைத் தன் வீட்டிலேயே கண்டபிறகு மற்றதையும் நம்பாமல் விட்டால் அது அவர் குற்றமாகாது.

நாக்கைக் கைவிடவும் தேவையில்லை. கேள்வியை மாற்றினால் போதும். ஜப்பானியப் பாடசாலைகளில் கோமாய் கண்ட இன்னொரு விடயம் உண்டு: 6, 7 வயதில் 54 வீதம் பிள்ளைகளுக்கு உருண்டது, 12 வயதில் 76 வீதம். பிறப்போடு தீர்ந்துபோன இயல்பு என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஐந்தாறு வருடத்துக்குள் வகுப்பில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதைக் கற்றுக்கொண்டார்கள் போலத் தெரிகிறது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாக்கின் நுனியைப் பின்னால் வளைத்து ழகரத்தைச் சொல்லத் தமிழ்ப் பிள்ளைகள் பல வருடம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கடைசிவரை ளகரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதை யாரும் ஆட்சியென்றும் பின்னிடைவென்றும் பிரித்ததில்லை. ஓரங்களை மடிப்பதும் அதே நாக்கின் உள்தசைகள் செய்யும் வேலைதான்.

பதுளையில் தரம் 10இல் இருக்கும் தோட்டப் பிள்ளைகள் பலர் ஐந்தாம் வகுப்புவரை தம் தோட்டத்திலேயே உள்ள சிறு பாடசாலையில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் அங்கே திரும்பிப் போய், அதிபரிடம் அனுமதி கேட்டு, தரம் 1, 2 பிள்ளைகளைப் பார்க்கலாம். வாயை அகலத் திறந்து, உதடு படாமல், மூன்று தடவை. தனித்தனியாக, மற்றப் பிள்ளைகள் பாராத இடத்தில். இரண்டு மாணவர் ஒருவர் விடையை மற்றவர் பாராமல் எழுதவேண்டும். முழுதாக, அரைவாசி, இல்லை என்று மூன்று நிரல்கள். முடிவில் எத்தனை பிள்ளைகளைப் பற்றி இருவரும் வேறு வேறாக எழுதினார்கள் என்று எண்ணவேண்டும். அந்த எண்தான் தங்கள் அளவெடுப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு அவர்களிடம் இருக்கும் அளவுகோல். பிறகு தங்கள் சொந்த வகுப்பில் உருளாத 11 பேரிடமும் தினம் இரண்டு நிமிடம் கண்ணாடி முன்னால் முயன்று பார்க்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து அதே முறையில் திரும்பச் சோதிக்கலாம். அட்டவணையில் 36 வரிகளும் இருக்கும். பெற்றோருக்கு உருளாமல் பிள்ளைக்கு உருண்ட இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில், பெற்றோர் விவரம் பார்த்ததா, கேட்டதா, ஊகமா என்ற எழுத்து இருக்கும். அந்த 11 பேரில் மாதமுடிவில் எத்தனை பேர் நிரல் மாறியிருப்பார்கள் என்பதை நடுவரும் சொல்லமுடியாது, பாடநூலும் சொல்லமுடியாது. போய்ப் பார்த்த பிள்ளைகள் மட்டுமே சொல்லமுடியும்.